600 ரூபாயில் காதலர் தின மேசை: பூவுக்கு முன்னால் விளக்கு

கேள்வி: "திருமணமாகி வரும் முதல் காதலர் தினம். ஓட்டலுக்குப் போக வசதி இல்லை. ஆவடியில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. கூடத்தில் ஒரு டியூப் லைட், ஒரு மின்விசிறி, ஒரு மடக்கு மேசை. மெழுகுவர்த்தி, பூ எல்லாம் வைத்து, மெல்லிய வெளிச்சத்தில் வீட்டிலேயே இரவு உணவு கொடுக்க ஆசை. மனைவி ஏழரைக்கு வேலை முடிந்து வருவார். 600 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய முடியாது. எதை வாங்குவது, எப்படி வைப்பது?"

பூக்கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடைக்குப் போங்கள். கல்யாண மண்டபங்களிலும் வீட்டு விசேஷங்களிலும் மேசை அலங்காரம் செய்து பிழைப்பவள் நான். எங்களிடம் வரும் எல்லாரும் முதலில் பூவைப் பற்றித்தான் பேசுவார்கள். வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் விளக்குதான். டியூப் லைட்டை எரியவிட்டு அதன் கீழே பத்து மெழுகுவர்த்தி ஏற்றினாலும், மின்சாரம் திரும்பி வந்தபிறகு அணைக்க மறந்துபோன மெழுகுவர்த்தி மாதிரிதான் இருக்கும்.

சரி, டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு மெழுகுவர்த்தியை நடுவில் வைத்தால்? அதுதான் மின்வெட்டு. நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் அந்தக் காட்சி மனத்தில் பதிந்திருக்கிறது: நடு மேசையில் உயரமான ஒரு மெழுகுவர்த்தி, சுவரில் ஆளைவிடப் பெரிய நிழல், கையில் விசிறி. இதிலிருந்து நம் மேசை இரண்டு வகையில் வேறுபட வேண்டும். சுடர்கள் சிறியவையாக, தாழ்வாக, நான்கைந்து இடங்களில் இருக்க வேண்டும். கூடவே, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத ஒரு வெளிச்சம் அறையில் லேசாகப் பரவியிருக்க வேண்டும். மெழுகுவர்த்தி அழகுக்கு, முகமும் சாப்பாடும் தெரிவதற்கு அந்த மறைவான விளக்கு.

அதற்குத்தான் எலக்ட்ரிக்கல் கடை. மூன்று வாட் அல்லது ஐந்து வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று கேளுங்கள். அட்டைப்பெட்டியில் 'வார்ம் ஒயிட்' என்றும் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்ணாக 2700 அல்லது 3000 கெல்வின் என்றும் போட்டிருக்க வேண்டும். கடைக்காரர் சும்மா எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 6500 கெல்வின், அதாவது உங்கள் டியூப் லைட்டின் அதே நீலம் கலந்த வெள்ளை. மெழுகுவர்த்திச் சுடர் 1900 கெல்வின் சுமாருக்கு இருக்கும். அதன் பக்கத்தில் நீல வெள்ளையை வைத்தால் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். பல்போடு ஒரு ஹோல்டர், இரண்டு மீட்டர் வயர், ஒரு பிளக் வாங்கி, கடையிலேயே இணைத்துத் தரச் சொல்லுங்கள். பல்பையும் சேர்த்து 200 ரூபாய் ஒதுக்கினால் போதும். உங்களிடம் ஏற்கெனவே படிக்கும் மேசை விளக்கு இருந்தால், பல்பு மட்டும்தான் செலவு.

இந்த விளக்கை மேசைமேல் வைக்காதீர்கள். மேசைக்குப் பின்னால் இருக்கும் மூலையில், தரையில், சுவரைப் பார்த்து வையுங்கள். முன்னால் ஒரு குடத்தையோ பூந்தொட்டியையோ நிறுத்திப் பல்பு கண்ணில் படாமல் மறைத்துவிடுங்கள். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி மெதுவாக அறைக்குள் வரும். மேலேயிருந்து விழும் ஒளி கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி காட்டும். நாள் முழுக்க வேலை செய்து களைத்து வந்தவரை இன்னும் களைப்பாகக் காட்டும். சுவரில் பட்டு வரும் ஒளியில் அந்தக் குழியெல்லாம் நிறைந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வாடகை வீட்டுச் சுவர்களுக்கு வெளிர்பச்சையோ வெளிர்நீலமோ அடித்திருப்பார்கள். பச்சைச் சுவரில் பட்டு வரும் ஒளியும் பச்சையாகத்தான் வரும். எதிரே இருப்பவர் காய்ச்சலில் எழுந்து வந்தவர் போலத் தெரிவார். அப்படியென்றால் அந்த மூலையில் ஒரு சந்தன நிற போர்வையையோ பழைய வேட்டியையோ கொடிக்கயிற்றில் தொங்கவிட்டு, அதைப் பார்த்து விளக்கை வையுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடிக்கு ஒரு கயிறு போதும். எல்.இ.டி. என்பதால் பெரிதாகச் சூடாகாது, ஆனாலும் துணி பல்பைத் தொடாமல் ஓர் அடி தள்ளியிருக்கட்டும். சிவப்பு ஜீரோ வாட் பல்பு போடலாமே என்று யாராவது சொல்வார்கள். போட்டால் குழம்பு கறுப்பாகத் தெரியும், தயிர் சாதம் இளஞ்சிவப்பாகத் தெரியும். பசியோடு வந்தவருக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

வீட்டில் தீபாவளிக்கு வாங்கிய சீரியல் விளக்கு கிடந்தால், அணைந்து அணைந்து எரியாத நிலையில் வைத்து, அகலமான கண்ணாடி ஜாடிக்குள் சுருட்டிப் போட்டு மூலையில் விடலாம். புதிதாக வாங்க வேண்டாம்.

இனி மெழுகுவர்த்தி. உயரமானது வேண்டாம், டீ லைட் என்று விற்கும் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் உள்ளது போதும். பத்து அல்லது பன்னிரண்டு அடங்கிய பெட்டி 100 ரூபாய்க்குள் கிடைக்கும். ஒன்று மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் எரியும். வாசனை மெழுகுவர்த்தியைத் தவிர்த்துவிடுங்கள். லாவண்டர் வாசனையில் ரசம் குடிப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும்.

உங்களுக்கு வரப்போகும் உண்மையான தொல்லை மின்விசிறி. எனக்கு வந்தது. எங்கள் திருமணத்துக்குப் பிந்தைய முதல் பிப்ரவரியில், நானும் இதே மாதிரி ஒரு மேசை போட்டேன். விசிறியை ஒன்றாம் எண்ணில் வைத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். சுடர் அணையவில்லை. எல்லாச் சுடர்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எரிந்தன. சாய்ந்த பக்கத்து மெழுகு மட்டும் சீக்கிரம் உருகி, விளிம்பு உடைந்து, மேசைவிரிப்பில் ஓடியது. கண்ணாடி டம்ளரின் ஒரு பக்கத்தில் கரி ஏறி, ஊறுகாய் ஜாடி மாதிரி ஆகிவிட்டது. சாப்பாடு பாதியில் இருக்கும்போது நான் கத்தியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு டார்ச் அடித்தார்.

ஒரு பக்கம் மட்டும் கரி பிடித்தால் காற்று பாய்கிறது என்று பொருள். சுடர் நேராக இருந்தும் நுனியில் புகை கக்கினால் திரி நீளம். திரி அரை செண்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும், மிச்சத்தை ஏற்றுவதற்கு முன் நகவெட்டியால் நறுக்கிவிடுங்கள். காற்றுக்கு மருந்து கண்ணாடி டம்ளர். டீ லைட்டை டம்ளருக்குள் இறக்கினால் சுடரின் உச்சிக்கு மேல் குறைந்தது நான்கு விரல் உயரத்துக்குக் கண்ணாடி இருக்க வேண்டும். டீக்கடை கிளாஸ் அடியில் குறுகலாக இருப்பதால் டீ லைட் பாதியிலேயே சிக்கி நிற்கும். நேர்ப்பக்கமுள்ள டம்ளராகப் பாருங்கள். அடியில் ஒரு விரற்கடைக்குத் தண்ணீர் விட்டால் கிண்ணம் அதில் மிதக்கும், டம்ளரின் அடி சுடாது, மெழுகு வழிந்தாலும் ஒட்டாமல் கையோடு எடுத்துவிடலாம். வாயை எதனாலும் மூடாதீர்கள்.

டம்ளர் இருந்தாலும் தலைக்கு மேல் விசிறி ஓடினால் சுடர் ஆடிக்கொண்டேதான் இருக்கும். நாம் ஏற்றப்போகும் ஆறு டீ லைட் சேர்ந்து வெளியிடும் வெப்பம் 200 வாட்டுக்கு மேல் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் 100 வாட் சுமாருக்கு வெப்பம் விடுகிறார். ஆக, இரண்டு விருந்தாளிகள் கூட வந்து உட்கார்ந்த வெக்கை. பிப்ரவரி நடுவில் சென்னை இரவு அவ்வளவு புழுங்காது என்றாலும், சின்னக் கூடத்தில் ஜன்னலைச் சாத்தினால் தெரியும். நான் செய்வது இது: மாலை ஐந்தரை வரை ஜன்னல்களைத் திறந்து வைத்து, கொசு வருமுன் சாத்திவிட்டு, மேல்விசிறியை ஏழு மணி வரை ஓடவிடுவேன். பிறகு மேல்விசிறிக்கு ஓய்வு. ஒரு மேசை விசிறியைத் தரையில், உட்காரும் இடத்துக்குப் பின்னால், சுவரைப் பார்த்து வைப்பேன். காற்று சுவரில் மோதிக் கால்பக்கமாக வரும், சுடரைத் தொடாது. மேசை விசிறி இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒரு நாள் இரவல் கேளுங்கள், காரணத்தை நீங்கள் சொல்லாமலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மடக்கு மேசை இரண்டரை அடிக்கு இரண்டு அடி இருக்கும். இதில் மெழுகுவர்த்தியை நடுவில் வைப்பதுதான் எல்லாரும் செய்வது, அதுதான் தவறும். இருவர் சாப்பிடும் மேசையில் நடுப்பகுதி கை போகும் வழி. கறிக்கிண்ணம் அங்கே கைமாறும், தண்ணீர்ச் சொம்பு அங்கே போகும். துப்பட்டாவோ புடவைத் தலைப்போ அந்த வழியில்தான் சரியும். மேசையின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நீங்கள் இருவரும் எதிரெதிரே உட்காராமல், ஒருவர் அகலப் பக்கத்திலும் மற்றவர் அதற்கு அடுத்த பக்கத்திலுமாக, ஒரு மூலையைப் பகிர்ந்துகொண்டு உட்காருங்கள். பேச்சுக்கும் அதுதான் வசதி. சுவரோரத்து நீளம் முழுவதும் அலங்காரத்துக்கு, முன்பகுதி தட்டுகளுக்கு. கை நீட்டி நெருப்பைக் கடக்க வேண்டிய அவசியமே வராது. சுவரில் காலண்டரோ திரையோ தொங்கினால் முன்னதாகவே கழற்றிவிடுங்கள். மேலே தட்டோ அலமாரியோ இருந்தால் அந்த இடம் மெழுகுவர்த்திக்கு ஆகாது.

இந்தச் சுவரோரத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைச் சாய்த்து நிறுத்துங்கள், அடியில் ஒரு துணிச்சுருளை முட்டுக் கொடுத்து. கல்யாணச் சீரில் வந்தது அட்டத்தில் கிடக்கும், இறக்கிப் புளி போட்டுத் துலக்கினால் போதும். அதன்முன் நான்கு டீ லைட்டை ஒரே வரியில் வைக்காமல், உள்ளங்கை அகல இடைவெளி விட்டு முன்னும் பின்னுமாக வையுங்கள். நெருக்கி வைத்தால் ஒன்றின் சூட்டில் இன்னொன்றின் மெழுகு முழுவதும் உருகி, சுடர் திடீரென்று எழும்பும். அப்படி எழும்பினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, எரியும் மெழுகு சிதறும். ஒரு எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்தால் அடங்கிவிடும். நான்கு சுடரும் தாம்பாளத்தில் எட்டாகத் தெரியும். எவர்சில்வர் தட்டும் பிரதிபலிக்கும், ஆனால் அதில் வெள்ளை கூர்மையாக வரும். பித்தளை அதையே பொன்னிறமாக்கித் திருப்பித் தரும். விலை கொடுத்து வாங்காத பொருளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. மீதி இரண்டு டீ லைட்டில் ஒன்று வாசலுக்குள் நுழைந்ததும் தெரியும் இடத்தில், இன்னொன்று கை கழுவும் இடத்தருகே.

விரிப்புக்கு ஒரு வெள்ளை நாலுமுழ வேட்டி, சலவை செய்து கஞ்சி போட்டது. கறுப்பு மரநிற மேசை கொடுக்கிற ஒளியையெல்லாம் குடித்துவிடும், வெள்ளைத் துணி முகத்துக்குத் திருப்பி அனுப்பும். கரைச் சரிகை முன்பக்கம் வருமாறு மடியுங்கள். வேட்டியைச் சாப்பாட்டு மேசையில் விரிப்பதா என்று உங்கள் வீட்டில் தயக்கம் இருந்தால் வெளிர்நிறக் கைத்தறிப் புடவை. பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் வேண்டாம்: டீ லைட்டின் அடி நன்றாகவே சுடும், வட்டமாக உருகிய தடம் விழும். துணியே ஆனாலும் டம்ளருக்கு அடியில் ஒரு பீங்கான் சாஸரோ, மிச்சமான தரை ஓடோ வையுங்கள்.

பூவுக்கு இப்போது வருகிறேன். ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் இந்த ஒரு நாளைக் கணக்கு வைத்துத்தான் டிசம்பரிலேயே செடியைக் கவாத்து செய்கிறார்கள். தாஜ்மகால் என்ற சிவப்பு ரோஜா அங்கிருந்து வெளிநாட்டுக்கும் பெருநகரங்களுக்கும் போகிறது. ஆகவே 13, 14 தேதிகளில் நம் பூக்கடையில் ஒரு தண்டு வழக்கமான விலையைவிட இரண்டு மூன்று மடங்குக்கு ஏறியிருக்கும். பத்து ரோஜா வாங்கினால் உங்கள் பணம் முடிந்தது. விலையை விடுங்கள், மங்கலான ஒளியில் அந்த அடர்சிவப்பு தெரியவே தெரியாது. வெளிச்சம் குறையக் குறையக் கண் முதலில் சிவப்பைத்தான் கைவிடும். செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் விடியற்கால இருளில் பூக்களைப் பார்த்து, பகலில் பளிச்சென்று இருந்த சிவப்பு கறுத்துக் கிடப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மேசை ஓரத்தில் நீங்கள் வைக்கும் 50 ரூபாய் ரோஜாவும் கறுத்த உருண்டையாகத்தான் இருக்கும். இரவில் மலரும் நம் பூக்கள் மல்லிகை, சம்பங்கி, பவழமல்லி என்று வெள்ளையாகவே இருப்பதைப் பாருங்கள். இருட்டில் தெரிய வேண்டியவை அவை.

எனவே வெள்ளையும் வெளிர்மஞ்சளும் வாங்குங்கள். உதிரியாக எடைக்கு விற்கும் வெள்ளைச் சாமந்தியோ மஞ்சள் சாமந்தியோ கால் கிலோ, பன்னீர் ரோஜா 100 கிராம், தண்டோடு கூடிய சம்பங்கி இரண்டு. பன்னீர் ரோஜாவின் இளஞ்சிவப்பு வெளிறியது என்பதால் மெழுகுவர்த்தியில் கெடாது. மல்லிகை வேண்டாம் என்றில்லை, ஆனால் பனிக்காலத்தில் வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும். ஒரு முழம் வாங்கினால் அது மேசைக்கல்ல, அவர் தலைக்கு. ரோஜா இல்லாமல் மனசு கேட்காது என்றால் ஒன்றே ஒன்று, 12ஆம் தேதி, மொட்டாக வாங்கி, தண்டைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் முங்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, குளியலறை வாளியில் நிறுத்துங்கள். 14ஆம் தேதி மாலைக்குச் சரியாக விரியும். வாடிய வெளி இதழ் இரண்டை உரித்துவிட்டால் புதிது மாதிரி இருக்கும். கடைக்காரர்கள் செய்வதும் அதுதான். அதைத் தட்டுக்குப் பக்கத்தில், சுடர் படும் இடத்தில் வைத்தால் சிவப்பு தெரியும். அரளி மலிவு, அழகு, ஆனால் செடி முழுக்க நஞ்சு, சாப்பிடும் இடத்தில் ஒரு இதழும் வேண்டாம்.

வைக்கும் விதம் எளிது. ஓர் உருளியிலோ அகலமான கிண்ணத்திலோ தண்ணீர் ஊற்றிச் சாமந்தியைக் காம்பு நறுக்கி மிதக்கவிடுங்கள், நெருக்கமாக அல்ல, தண்ணீரில் சுடர் தெரியப் பாதிப் பரப்பு காலியாக இருக்கட்டும். இதைத் தாம்பாளத்துக்கு முன்னால், சுடர்களுக்கு நடுவே வையுங்கள். சம்பங்கி மாலையில் விரிந்து மணக்கும், சின்ன அறையில் அந்த மணம் சாப்பாட்டை அமுக்கிவிடும். தண்டுகள் இரண்டையும் ஒரு சொம்பில் வைத்து வாசலருகே நிறுத்திவிடுங்கள். நுழையும்போது மணக்கும், உட்காரும்போது விலகியிருக்கும். மேசையில் எது வைத்தாலும், முழங்கையை ஊன்றிக் கையை முகவாயில் வைத்தால் அந்தக் கை வரும் உயரத்துக்குள் இருக்க வேண்டும். பன்னீர் ரோஜா இதழ்களை மேசை முழுக்கத் தூவாதீர்கள், குழம்பில் விழும்.

உங்கள் கணக்கு: விளக்கு 200, டீ லைட் 100, பூ 200. மீதி 100க்கு எதையும் வாங்காமல் வைத்திருங்கள். அன்றைக்கு ஏதாவது ஒன்று உடையும் அல்லது தீர்ந்துபோகும்.

13ஆம் தேதி இரவு, மனைவி தூங்கியபின், விளக்கை மட்டும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். அவர் உட்காரப்போகும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். பல்பு நேராகக் கண்ணில் குத்துகிறதா, எதிரே கொடியில் காயும் துணி தெரிகிறதா என்று அப்போதுதான் தெரியும். தெரிந்தால் துணியை எடுக்க வேண்டாம், விளக்கைச் சற்று நகர்த்தினால் அந்தப் பக்கம் இருளில் போய்விடும். இருட்டு நல்ல திரைச்சீலை, அதற்கு வாடகை கிடையாது.

மறுநாள் ஏழு மணிக்குள் விரிப்பு, தாம்பாளம், பூ எல்லாம் தயாராக இருக்கட்டும். ஏழே காலுக்கு டியூப் லைட்டை அணைத்துவிட்டு மூலை விளக்கைப் போடுங்கள், மெழுகுவர்த்தி அவர் கீழே வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டபின். தெருவிளக்கிலிருந்து வருபவரின் கண்ணுக்கு மங்கல் பழக ஐந்து பத்து நிமிடம் பிடிக்கும். உள்ளே வந்ததும் "ஏன் இப்படி இருட்டாக இருக்கிறது?" என்றுதான் கேட்பார். பயந்துபோய் டியூப் லைட்டைத் தட்டாதீர்கள். முகம் கழுவி உடை மாற்றி வரட்டும், குளியலறை விளக்கு மட்டும் எரியட்டும். அவர் திரும்பும்போது அதே அறை போதுமான வெளிச்சத்தோடு இருக்கும். இலை போடாதீர்கள், அன்றைக்கு வெள்ளைத் தட்டு; அடர்பச்சையில் பரிமாறியது பாதி தெரியாது. சமையல் உங்கள் விருப்பம், ஆனால் முள் மீன் மட்டும் வேண்டாம்.

முடிந்தபின் டம்ளருக்குள் ஊதினால் சூடான மெழுகு முகத்தில் தெறிக்கலாம், எவர்சில்வர் மூடியை ஒரு நொடி வைத்து எடுங்கள். டீ லைட்டுக்குப் பதில் கார்த்திகை அகலை ஏற்றியிருந்தால் அதையும் வாயால் ஊதாமல் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுங்கள், அம்மா பார்த்தால் திட்டுவார். வேட்டியில் மெழுகு சொட்டியிருந்தால் சூடாக இருக்கும்போது துடைக்காதீர்கள், பரவிவிடும். இரவு அப்படியே விட்டு, காலையில் ஐஸ்கட்டி வைத்து இறுகவைத்துச் சுரண்டுங்கள். மீதிக் கறையின் மேலும் கீழும் பழுப்புக் காகிதம் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் மெழுகு காகிதத்துக்குப் போய்விடும். காகிதத்தை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். செய்தித்தாள் வைக்காதீர்கள், தலைப்புச் செய்தி வேட்டியில் ஏறிவிடும்.